உடம்பு முடியாம பிஎச்டிய பாதியில விடுறவங்க ஆபீசுக்கும் கைடுக்கும் லெட்டர் எழுதுற முறை

இதுவரைக்கும் நாலு ஸ்காலர்ஸ் கூட உக்காந்து இந்த லெட்டர எழுதிக் குடுத்திருக்கேன். நாலு பேரும் முதல் டிராஃப்ட்ல ஒரே தப்பத்தான் பண்ணாங்க. ரிஜிஸ்ட்ரேஷன ரத்து பண்ணச் சொல்ற விண்ணப்பத்தையும் கைடுக்கு நன்றி சொல்ற கடிதத்தையும் ஒரே தாள்ல எழுதிட்டாங்க.

அந்தத் தாள் கைடோட நிக்காது. கைடு கையெழுத்து போட்டு எச்ஓடிக்குப் போகும், அங்கேருந்து பிரின்சிபால், அப்புறம் யுனிவர்சிட்டி ஆராய்ச்சிப் பிரிவுல ஒரு கிளர்க் மேசைக்குப் போகும். "நீங்க எனக்கு இன்னொரு அம்மா மேடம்"ங்கிறதையும் என்ன வியாதிங்கிறதையும் அஞ்சு பேர் படிப்பாங்க, ஆனா அவங்களுக்கு வேண்டிய பதிவு எண்ணும் தேதியும் அதுல இருக்காது, அதனால ஃபைல் திரும்பி வரும். அதனால தாள் ரெண்டு, எழுதுற நேரமும் ரெண்டு. எது முன்னாடி எது பின்னாடிங்கிறதுதான் கீழ.

கடைசியா எழுதிக் குடுத்தது என் லேப் ஜூனியர் பொண்ணுக்கு, மன்னார்குடி பக்கத்து கிராமம். நெல் வேரைச் சுத்தி இருக்குற மண்ணுலேருந்து பாஸ்பேட்டக் கரைக்கிற பாக்டீரியாவ பிரிச்சு எடுக்குற வேலை, மூணாவது வருஷம் ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்பதான் லூபஸ்னு தெரிஞ்சுது. வெயில் பட்டா நோய் கிளம்பும், அதுக்குக் குடுக்குற மருந்து எதிர்ப்புச் சக்தியக் குறைக்கும். சாம்பிள் எடுக்க வயல்ல நிக்கணும், லேபுக்கு வந்தா உயிரோட இருக்குற கல்ச்சரக் கையாளணும், ரெண்டுமே அவளுக்கு ஆகாது. அவ கேஸ வச்சே சொல்றேன்.

1. விட்டுத்தான் ஆகணுமா, லீவு போதுமான்னு முதல்ல பாருங்க

ரத்து ஆன ரிஜிஸ்ட்ரேஷன திரும்ப உயிர் குடுத்து எழுப்புறது பெரும்பாடு. பெரும்பாலும் புதுசா அப்ளை பண்ணி, புதுசா இன்டர்வியூ போய் முதல்லேருந்து வரணும். அதனால ஒரு சாயங்காலம் உக்காந்து உங்க யுனிவர்சிட்டி பிஎச்டி ரெகுலேஷன்ஸ படிங்க, அதுவும் நீங்க சேந்த வருஷத்துக்கு உள்ளத.

2022 நவம்பர்ல வந்த யுஜிசி விதிப்படி பிஎச்டிக்குக் குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். மறுபதிவு பண்ணா இன்னும் 2 வருஷம் கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல ஊனம் உள்ளவங்களுக்கும் அதுக்கும் மேல 2 வருஷம் சலுகை உண்டு, ஆக மொத்தம் 10 வருஷத்தத் தாண்டக்கூடாது. மூணாவது வருஷத்துல நிக்கிற ஒரு பொண்ணுக்கு நேரம் நிறையவே இருக்குன்னு இதுலேருந்து தெரியுது இல்ல.

அதனால மூணு கேள்வி கேக்கணும்: மெடிக்கல் லீவு எத்தன மாசம் குடுப்பாங்க, இடைநிறுத்தம்னு ஒன்னு இருக்கா, ஃபுல் டைம பார்ட் டைமா மாத்த முடியுமா. இது யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி மாறும், ஆராய்ச்சிப் பிரிவுல நேர்ல கேட்டுக்கங்க. என் ஜூனியர் கேட்டா. இடைநிறுத்தம் ஒரு வருஷம் கிடைக்கும்னாங்க. ஆனா டாக்டர்கிட்ட கேட்டப்ப ஒரு வருஷம் கழிச்சும் வெயில்ல வேலை வேணாம்னுட்டார். அதுக்கப்புறம்தான் விடுறதுன்னு முடிவு பண்ணா. டாக்டர்கிட்ட "எப்ப சரியாகும்"னு கேக்காதீங்க, அதுக்கு யாரும் நேரா பதில் சொல்ல மாட்டாங்க. "இன்னின்ன வேலைய நான் ஒரு வருஷம் கழிச்சுப் பண்ணலாமா"ன்னு கேளுங்க.

2. கைடுகிட்ட வாயால சொல்லுங்க, வெறுங்கையோட போங்க

கையில லெட்டரோட உள்ள போனா அது பேச்சு இல்ல, தகவல். கைடுக்கு மனசு கோணும், அதுவும் ஞாயம்தான். அவங்கதான் முதல் கையெழுத்து போடணும், ரிசர்ச் அட்வைசரி கமிட்டிக்கு அவங்கதான் பதில் சொல்லணும்.

டிபார்ட்மெண்ட் வராண்டாவுல நிறுத்திச் சொல்லாதீங்க, வாட்ஸாப்புலயும் வேணாம். முன்கூட்டி ஒரு அரை மணி நேரம் கேட்டு வாங்குங்க. "உடம்பு விஷயமா ஒரு முடிவு எடுத்திருக்கேன் மேடம், எழுதறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்"னு ஆரம்பிச்சா போதும். என் ஜூனியரோட மேடம் முதல்ல கேட்டது, "கம்ப்யூட்டர் வேலையா டாபிக்க மாத்திக்கலாமேம்மா". நல்ல மனசோட கேட்டதுதான், இதுக்கு பதில் யோசிச்சு வச்சுட்டுப் போகணும். இல்லன்னா தலையாட்டிட்டு வெளிய வந்து ராத்திரி முழுக்க அழுவீங்க. அவ யோசிச்சுதான் போயிருந்தா: "ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்கார முடியல மேடம், உங்களுக்கு நாள் குறிச்சுச் சொல்லிட்டு முடிக்காம இருக்க எனக்கு இஷ்டம் இல்ல." அதோட மேடம் வற்புறுத்தல.

அந்த உக்காருறதுலயே ரெண்டு விஷயம் பேசி முடிச்சுருங்க: லேபுக்கு வர்ற கடைசி நாள் எது, எழுதிக்கிட்டிருக்குற பேப்பர்ல உங்க பேர் எந்த எடத்துல வரும். பேர் விஷயத்த எல்லாரும் கூச்சப்பட்டு விட்டுர்றாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பேப்பர் வந்து அதுல பேர் இல்லன்னா அப்ப யார்கிட்ட போய் கேப்பீங்க?

3. மெடிக்கல் சர்டிபிகேட்ல என்ன இருக்கணும்

லெட்டருக்கு முன்னாடியே இது கையில இருக்கணும். ஏன்னா லெட்டர்ல "இணைப்பு"ன்னு இதத்தான் காட்டப் போறீங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, ப்ளட் ரிப்போர்ட், ஸ்கேன் எதையும் இணைக்காதீங்க. ஃபைல்ல போனது திரும்பி வராது, யார் கண்ணுல படும்னும் தெரியாது.

டாக்டர்கிட்ட கேட்டு வாங்க வேண்டியது ஒரு பக்கம்தான். எந்த மாசத்துலேருந்து அவரோட சிகிச்சையில இருக்கீங்க, ஆய்வக வேலையும் கள வேலையும் தொடர உடல்நிலை இடம் குடுக்கல, அவரோட கையெழுத்து, சீல், பதிவு எண், தேதி. அவ்வளவுதான். வியாதி பேர எழுதாம "நீண்டகால சிகிச்சை தேவைப்படும் நிலை"ன்னு எழுதித் தரச் சொல்லுங்க, பெரும்பாலான டாக்டருங்க சம்மதிப்பாங்க. ஆபீஸ்ல அது பத்தாதுன்னு சொன்னா, மூடின கவர்ல தர்றேன்னு கேட்டுப் பாருங்க.

4. தேதிய முடிவு பண்ணுங்க, பணம் அதுலதான் மாட்டும்

ஃபெலோஷிப் வாங்காதவங்க இதத் தாண்டிப் போயிரலாம்.

யுஜிசி ஜேஆர்எஃப் 2023 ஜனவரிலேருந்து மாசம் 37,000 ரூபா, எஸ்ஆர்எஃப் ஆனா 42,000. நீங்க வேலையில இருக்கீங்கன்னு நிறுவனம் மாசாமாசம் போர்ட்டல்ல உறுதி பண்ணாத்தான் பணம் வரும். நீங்க நின்னது அந்த சீட்டுல இருக்குறவருக்குத் தெரியலன்னா அவர் பாட்டுக்கு உறுதி பண்ணிருவார், பணமும் வந்துரும். வந்தத திருப்பிக் கட்டணும்.

நான் முன்னாடி உதவின ஒரு பையன் இதுல மாட்டினான். லெட்டர்ல "ஆணை கிடைக்கும் நாள் முதல்"னு எழுதிட்டான். ஆணை வர ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்குள்ள ஒரு மாசப் பணம் அக்கவுண்ட்ல விழுந்துருச்சு, மருந்துச் செலவுல அது கரைஞ்சும் போச்சு. அப்புறம் கடன் வாங்கிக் கட்டினான், கட்டின ரசீது வர்றவரைக்கும் நோ டியூஸ் கிடைக்கல.

அதனால லெட்டர்ல ஒரு நாளச் சொல்லுங்க, அது நீங்க நிஜமாவே கடைசியா லேபுக்கு வந்த நாளா இருக்கட்டும். மாசக் கடைசியா அமைஞ்சா கணக்கு சுலபம். லெட்டர் குடுத்த அன்னைக்கே ஃபெலோஷிப் பாக்குற சீட்டுக்கும் ஒரு நகல் குடுத்துருங்க.

5. ஆபீஸ் விண்ணப்பம்

இப்பதான் எழுதவே உக்காரணும். தமிழ்த்துறைன்னா தமிழ்லயே குடுக்கலாம், மத்தவங்க இங்கிலீஷ்ல டைப் பண்ணுவீங்க, ஆனா வரிசை ஒன்னுதான். ஜூனியருக்கு எழுதினது இது:

> அனுப்புநர்: (பெயர், முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர், துறை, கல்லூரி)
>
> பெறுநர்: பதிவாளர் அவர்கள், (பல்கலைக்கழகம்)
>
> வழி: நெறியாளர், துறைத்தலைவர், கல்லூரி முதல்வர்
>
> பொருள்: உடல்நலக் காரணத்தால் முனைவர் பட்டப் பதிவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.
>
> பார்வை: பதிவு ஆணை எண் ______, நாள் ______
>
> ஐயா,
>
> மேற்கண்ட ஆணையின்படி முழுநேர ஆய்வாளராகப் பதிவு செய்து ஆய்வு மேற்கொண்டு வருகிறேன். உடல்நலக் காரணத்தால் ஆய்வகப் பணியையும் களப்பணியையும் என்னால் தொடர இயலவில்லை. எனவே ______ நாள் பிற்பகல் முதல் என் பதிவை ரத்து செய்யுமாறும், அதே நாளுடன் ஆய்வு உதவித்தொகையை நிறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> என் பொறுப்பில் இருந்த ஆய்வுக் குறிப்பேடுகள், மாதிரிகள், தரவுகள் அனைத்தையும் நெறியாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். பதிவின்போது அளித்த அசல் சான்றிதழ்களையும் பாடநெறி மதிப்பெண் சான்றையும் வழங்க வேண்டுகிறேன்.
>
> இணைப்பு: மருத்துவச் சான்று, ஒப்படைப்புப் பட்டியல், பதிவு ஆணை நகல்
>
> இப்படிக்கு, (கையெழுத்து, நாள், இடம்)

இதுல ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கு. "பார்வை" இல்லன்னா கிளர்க் உங்க ஃபைலத் தேடணும், தேடுற வரைக்கும் லெட்டர் அடியிலேயே கிடக்கும். "ரத்து"ன்னு எழுதுங்க, "தொடர இயலாத நிலையில் உள்ளேன், ஆவன செய்யவும்"னு எழுதாதீங்க. லீவு கேக்குறீங்களா விடுறீங்களான்னு குழம்பி, விளக்கம் கேட்டு திருப்பி அனுப்புவாங்க. "தற்சமயம்", "உடல்நலம் தேறியதும்" மாதிரி வார்த்தையும் இதே வம்ப இழுக்கும்.

பாடநெறி மார்க் சர்டிபிகேட்ட இப்பவே கேட்டு வாங்குங்க. பிற்பாடு வேற எங்கயாவது சேரும்போது கோர்ஸ் வொர்க் முடிச்சதுக்கு ஆதாரம் அதுதான். எடுத்துக்குவாங்களா இல்லையாங்கிறது அந்த யுனிவர்சிட்டி முடிவு, ஆனா கையில தாளே இல்லன்னா கேக்கக்கூட முடியாது.

இன்னொன்னு. "என் சொந்த விருப்பத்தின் பேரில், வேறு எந்தக் காரணமும் இன்றி"ன்னு ஒரு வரி சேக்கச் சொல்லி சில எடத்துல யாராவது சொல்வாங்க. அது உண்மைன்னா எழுதுங்க. உடம்போட சேத்து லேப்ல வேற தொந்தரவும் இருந்துச்சுன்னா அந்த வரிய எழுதாதீங்க, பின்னாடி புகார் குடுக்கணும்னா அந்த ஒரு வரியவே எடுத்துக் காட்டுவாங்க.

6. ஒப்படைப்புப் பட்டியல், விண்ணப்பம் குடுக்குறதுக்கும் நன்றிக் கடிதத்துக்கும் முன்னாடி

நான் பாத்தவரைக்கும் கைடுக்கு உண்மையான நன்றி இந்தப் பட்டியல்தான். அதனால இதுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்க, உடம்பு முடியலன்னா ஒரு ஆள கூட வச்சுக்கிட்டு நீங்க சொல்லச் சொல்ல எழுத வைங்க.

என் ஜூனியர் ஃப்ரீசர்ல கிளிசரால்ல போட்டு வச்சிருந்த குப்பி அறுபதுக்கு மேல. எல்லாத்துலயும் "ம12", "ஒ7"ன்னு மார்க்கர்ல எழுதியிருந்துச்சு. "ம"ன்னா மன்னார்குடி வயல், "ஒ"ன்னா ஒரத்தநாடு, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். குறுவையில எடுத்ததா சம்பாவுல எடுத்ததாங்கிறதுக்கு மூடியோட கலர்தான் அடையாளம், அதையும் எங்கயும் எழுதி வைக்கல. அவ அப்படியே போயிருந்தா மூணு வருஷ வேலையும் வெறும் ஐஸ் டப்பாதான். நான் ஃப்ரீசர் பக்கத்துல நின்னு குப்பிய ஒன்னொன்னா எடுத்துக் காட்ட, அவ ஸ்டூல்ல உக்காந்து சொல்லச் சொல்ல ஷீட்ல ஏத்தினோம்: குறி, ஊர், வயல் இருக்குற எடம், எடுத்த தேதி, பயிர்ப் பருவம், எத்தன குப்பி இருக்கு, தட்டுல கரைப்பு வளையம் எத்தன மில்லிமீட்டர் வந்துச்சு. நடுவுல ரெண்டு தடவ கரண்ட் போச்சு, ஃப்ரீசரத் திறக்காம உக்காந்திருந்தோம்.

வெறும் பேர மட்டும் எழுதாம "எதுவரைக்கும் முடிஞ்சுது, எது அரைகுறை, எத நம்பக்கூடாது"ன்னும் எழுதுங்க. கடைசி கட்டத்துல உடம்பு முடியாம செஞ்ச ரெண்டு செட் ரீடிங் சரியில்லன்னு அவளுக்கே தோணுச்சு. அதையும் பட்டியல்ல எழுதச் சொன்னேன், முதல்ல தயங்கினா. அடுத்து வர்ற ஆள் அந்த நம்பர நம்பி பேப்பர் எழுதிட்டா யாருக்குக் கேடு?

நோட்டுப் புத்தகத்தோட அசல் லேபுக்குத்தான். உங்களுக்கு வேணும்னா கேட்டுட்டு ஃபோட்டோ எடுத்துக்கங்க. சீக்வன்ஸ் ஏத்தின அக்கவுண்ட் உங்க சொந்த ஈமெயில்ல இருந்தா அத கைடு பேருக்கு மாத்துறதுக்கு வழி பண்ணுங்க. பட்டியல் ரெண்டு காப்பி, ரெண்டுலயும் கைடு கையெழுத்து, ஒன்னு உங்ககிட்ட.

7. கைடுக்கு நன்றிக் கடிதம்

இத எப்ப குடுக்குறதுங்கிறதுதான் பாதி விஷயம். விண்ணப்பத்துல கைடு கையெழுத்து போட்டதுக்கு அப்புறம் குடுங்க. முன்னாடி குடுத்தா கையெழுத்துக்குப் போட்ட ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் போதும், முடிஞ்சா கையால எழுதுங்க. கை வலிக்குதுன்னா டைப் பண்ணி கையெழுத்து மட்டும் போடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

ஜூனியரோட முதல் டிராஃப்ட் மூணு பக்கம். அதுல "மன்னிக்கவும்" ஏழு எடத்துல இருந்துச்சு, நான் எண்ணிப் பாத்தேன். "தங்கள் பொன்னான நேரத்தை வீணடித்துவிட்டேன்"னு ஒரு வரி. அதப் படிக்கிற கைடு என்ன பண்ணணும்? "இல்லம்மா, வீணாகல"ன்னு ஆறுதல் சொல்லணும். நன்றி சொல்லப் போன எடத்துல நமக்கு ஆறுதல் சொல்ற வேலைய அவங்க தலையில கட்டிர்றோம். மன்னிப்பு ஒரு தடவ போதும், அதுவும் எதுக்குன்னு குறிப்பா.

அடுத்த தப்பு பொது வார்த்தை. "அறிவொளி ஏற்றிய ஆசான்", "வழிகாட்டும் விளக்கு" எல்லாம் வழியனுப்பு விழா பேனர்ல இருக்குறது. அவள உக்கார வச்சு, "மேடம் உனக்குக் கத்துக் குடுத்ததுல இன்னைக்கும் கை தானா பண்றது என்ன?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு வேர் கழுவின கதையச் சொன்னா. அத எழுதுன்னேன்.

> மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,
>
> முதல் வருஷம் ஒரத்தநாட்டு வயலில் நாற்றைப் பிடுங்கி, சேறாக இருக்கிறதே என்று வேரை வாய்க்கால் தண்ணீரில் நன்றாக அலசிக் கொண்டுவந்து உங்களிடம் நீட்டினேன். எங்களுக்கு வேண்டிய மண் முழுக்க வாய்க்காலோடு போய்விட்டது. நீங்கள் திட்டவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கி, இன்னொரு நாற்றைப் பிடுங்கி லேசாக உதறி, "உதறியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது பார், அதுதான் நம் மண்" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் எடுத்த எல்லா மாதிரியும் அப்படி எடுத்ததுதான்.
>
> போன தையில் நான் மூன்று வாரம் வராதபோது என் கல்ச்சர்களை நீங்களே புதுத் தட்டுக்கு மாற்றி வைத்திருந்தீர்கள். அதை என்னிடம் சொல்லவே இல்லை. தட்டில் இருந்த உங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நன்றி மேடம்.
>
> கமிட்டியின் முன் என் வேலைக்காக நீங்கள் பேசியிருக்கிறீர்கள். அதை முடிக்காமல் போவதற்கு மன்னிக்க வேண்டும். குப்பிகளின் பட்டியலில் ஏதாவது புரியாவிட்டால், யார் அந்த வேலையை எடுத்தாலும், மாலை நேரத்தில் என்னைப் போனில் கேட்கலாம்.
>
> நீங்கள் சொன்னபடி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.
>
> அன்புடன்,
> (பெயர்)

வியாதியப் பத்தி இதுல கடைசி ஒரு வரிதான். மேடத்துக்குத் தெரிஞ்ச கதை, திரும்ப எதுக்கு? உதவி செய்றேன்னு எழுதும்போது "எப்ப வேணா கூப்பிடுங்க"ன்னு எழுதாதீங்க. உடம்பு முடியாத ஆள் அத நிறைவேத்த முடியாது. "மாலை நேரத்துல, இந்தப் பட்டியல் பத்தி"ன்னு எல்லை கட்டி எழுதினா நீங்களும் காப்பாத்துவீங்க, அவங்களும் தயங்காம கேப்பாங்க.

இந்தக் கடிதத்துல எதையும் கேக்காதீங்க. சிபாரிசுக் கடிதம், அனுபவச் சான்றிதழ் எதுவும் வேணாம். அதெல்லாம் ஒரு மாசம் கழிச்சு தனியா கேளுங்க.

கைடோட ஒத்துப்போகாதவங்களும் கேக்குறாங்க, நாங்க என்னத்த எழுதுறதுன்னு. உண்மையா நடந்த ஒன்னு இருக்கும், மைக்ரோஸ்கோப் புக்கிங் வாங்கிக் குடுத்ததோ, ஒரு சேப்டர திருத்திக் குடுத்ததோ. அத மட்டும் நாலு வரியில எழுதுங்க. இல்லாத பாசத்த எழுதினா படிக்கிறவருக்கும் தெரியும். அந்த ஒன்னுகூட இல்லன்னா இந்தக் கடிதமே வேணாம், ஒப்படைப்புப் பட்டியலே போதும்.

8. குடுத்ததுக்கு அப்புறம்

விண்ணப்பத்தோட நகல்ல தபால் பிரிவு சீலும் தேதியும் வாங்காம அங்கேருந்து நகராதீங்க. "வச்சுட்டுப் போம்மா, பாத்துக்கறோம்"னு சொல்றது பிரியமாத்தான், ஆனா தேதித் தகராறு வந்தா பிரியம் சாட்சி சொல்லாது.

நோ டியூஸ்ல நூலகம், ஸ்டோர்ஸ், ஹாஸ்டல், டிபார்ட்மெண்ட்னு கையெழுத்து வாங்க அலையணும். மாடிப்படி ஏற முடியாதவங்க ஒரு அதிகாரக் கடிதம் எழுதிக் குடுத்து வேற ஆள அனுப்பலாமான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. ஜூனியருக்காக அவங்க அண்ணன்தான் மன்னார்குடிலேருந்து ரெண்டு நாள் பஸ்ல வந்து போனார். நூலகத்துல ஒரு புத்தகம் மட்டும் அவ பேர்ல நின்னுச்சு. தேடினா, மேடம் மேசையில இருந்துச்சு.

ரத்து ஆணை கைக்கு வந்ததும் அதுல போட்டிருக்குற தேதி உங்க லெட்டர்ல உள்ள தேதிதானான்னு பாருங்க. மாறியிருந்தா அந்த வாரமே சீல் போட்ட நகலோட போய் திருத்தி வாங்குங்க. ஃபெலோஷிப் கணக்க அந்தத் தேதிய வச்சுத்தான் முடிப்பாங்க.